காந்தத்தைப் பெரிதாக்காதீர்கள், முகத்துக்கு இரண்டு ஆணி கொடுங்கள்

போன வாரம் வந்த பெட்டியைத் திறந்ததும் ஸ்டாப்-மோஷன் படத்துக்கான, அதாவது கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து ஒவ்வொரு படமாக எடுப்பதற்கான, பொம்மை ஒன்றின் தலை தனியாக உருண்டு வந்தது. இந்த வருஷத்தில் இது நான்காவது கழுத்து. நான்குமே உடைந்தது ஒரே இடத்தில், ஒரே காரணத்தால். செய்து கொண்டுவந்த பிள்ளைகள் எல்லோருமே உழைப்பாளிகள், அதனால்தான் மனசு ஆறவில்லை.

பொம்மை 22 செ.மீ. உயரம். அலுமினியக் கம்பியை முறுக்கிச் செய்த உடல், பேசும்போது வாயின் வடிவத்துக்கு ஏற்பக் கழற்றி மாட்ட ரெசினில் வார்த்த ஒன்பது மாற்று முகங்கள். காட்சி பத்து நொடி வசனம். நொடிக்கு 24 ஃபிரேம், ஒவ்வொரு அசைவும் இரண்டு ஃபிரேமுக்கு நிற்கும் என்ற கணக்கில் 120 படங்கள் எடுக்க வேண்டும். அதில் எழுபது இடங்களில் முகம் மாறுகிறது. பாதி தாண்டியதும் கழுத்து போய்விட்டது.

கதை இப்படி. பொம்மையைச் செய்தவர் முதலில் முகத்தின் நடுவில் 3 மி.மீ. காந்தம் ஒன்றே ஒன்று வைத்திருக்கிறார். ஓட்டிப் பார்த்தால் பேசும்போதெல்லாம் மூக்கு துள்ளுகிறது. 'காந்தத்துக்குப் பலம் போதவில்லை' என்று யாரோ சொல்ல, 6 மி.மீ. காந்தம் இரண்டு வைத்திருக்கிறார். துள்ளல் நிற்கவில்லை. முகத்தைக் கழற்ற மட்டும் இப்போது பிடுங்க வேண்டியிருந்தது. பிடுங்கிய இழுப்பு முழுவதையும் வாங்கியது கழுத்து.

இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: காந்தம் முகத்தைப் பிடித்துக்கொள்ளும், அதன் இடத்தில் உட்கார வைக்காது. இரண்டும் வெவ்வேறு வேலை. காந்தத்தின் இழுப்பு தலையை நோக்கி இருக்கிறது. பக்கவாட்டில் அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் அதைத் திருப்பி இழுக்கும் பலம் அதற்கு மிகக் குறைவு. பெரிய காந்தம் போட்டால் உராய்வும் கூடும், தப்பான இடத்திலேயே இன்னும் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் இன்னொன்று, இதை யாருமே யோசிப்பதில்லை. ஒன்பது முகத்திலும் காந்தத்தைக் கையால்தானே ஒட்டினீர்கள்? ஒவ்வொன்றிலும் அது ஒரு மயிரிழை தள்ளித்தான் இருக்கும். காந்தம் ஒழுங்காக நடுவுக்கு இழுத்தாலும், ஒன்பது முகமும் ஒன்பது இடத்தில்தான் போய் நிற்கும்.

அரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். 4 செ.மீ. தலை, 1080 பிக்சல் உயரத் திரையை நிரப்பும் குளோசப்பில் ஒரு மில்லிமீட்டருக்கு 27 பிக்சல். அரை மில்லிமீட்டர் பிசகினால் மூக்கு 13 பிக்சல் குதிக்கும்.

இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது ஆணி. தலையின் முன்பக்கத்தில் இரண்டு கன்னங்களுக்கும் பின்னால் வருகிற மாதிரி, 2 மி.மீ. பித்தளைக் கம்பித் துண்டு இரண்டைப் பதியுங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், நுனியை உருட்டிவிடுங்கள். முகத்தின் பின்பக்கக் குழிகள் அச்சிலேயே இருக்க வேண்டும், வார்த்த பிறகு ஒவ்வொன்றாகத் துளைத்தால் மறுபடி பழைய கதைதான். ஒரு குழி சரியான வட்டம். இன்னொன்று அந்த வட்டத்தை நோக்கிச் சற்றே நீண்ட குழி, ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கினாலும் முகம் சிக்காமல் இருக்க.

காந்தத்தை அதற்குப் பிறகுதான் ஒட்ட வேண்டும். ஆணிக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக 3 மி.மீ. காந்தம் தலையில் சமமாகப் பதிந்திருக்கட்டும். அதன் மேல் செல்லோடேப் இரண்டு அடுக்கு ஒட்டி, முகத்துக்கான காந்தத்தை அதன் மேலேயே வையுங்கள். அதுவே சரியான முனையைக் காட்டி ஒட்டிக்கொள்ளும், எது வடக்கு எது தெற்கு என்ற குழப்பமே இல்லை. முகத்தில் காந்தக் குழியைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, மெதுவாக இறுகும் எபாக்ஸி பசையை நிரப்பி, முகத்தை ஆணியில் உட்கார வைத்து அழுத்திவிட்டு அடுத்த நாள் எடுங்கள். இப்போது காந்தம் ஆணிக்கு ஏற்ப நிற்கிறது. டேப்பை உரித்தால் நடுவில் ஒரு நூலிழை இடைவெளி மிஞ்சும். முகம் தலையைத்தான் தொடும், காந்தம் காந்தத்தைத் தொடாது. கழற்றுவதும் சுலபம்.

கழற்றும்போது நேராக இழுக்காதீர்கள், தயவுசெய்து. தாடைக்குக் கீழே நகம் போகிற அளவுக்கு ஒரு சின்ன வெட்டு விட்டு, அங்கிருந்து நெம்பித் தூக்குங்கள். மற்றக் கை பின்தலையைப் பிடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும், எத்தனை அவசரமானாலும்.

இனி கழுத்து. இந்தப் பொம்மையில் 1.5 மி.மீ. கம்பி இரண்டு இழை, மேலும் கீழும் எபாக்ஸி புட்டி, நடுவில் வெறும் 4 மி.மீ. கம்பி. அசைவு முழுவதும் அந்த நாலு மில்லிமீட்டரில் விழுந்தால் கம்பி என்ன செய்யும்? புட்டி முடிகிற விளிம்பில்தான் உடைந்திருந்தது, அங்கே இடுக்கியின் பல் பட்ட தடமும் தெரிந்தது. குறைந்தது 10 மி.மீ. விடுங்கள். கம்பியை இடுக்கியால் நேரடியாகக் கவ்வாதீர்கள். தலையிலும் மார்பிலும் ஒவ்வொரு சதுரப் பித்தளைக் குழாய்த் துண்டைப் புட்டியில் பதித்து, கழுத்துக் கம்பியின் இரண்டு முனையிலும் அதற்குள் சரியாக நுழையும் சிறிய சதுரக் குழாயை ஒட்டிவிட்டால், கழுத்தை மட்டும் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். சதுரமாக இருப்பதால் தலை சுழலாது. அலுமினியம் உடைவதற்கு முன்பே சொல்லும்: ஒரே புள்ளியில் கூர்மையாக மடியத் தொடங்கும், தலையைச் சாய்த்து வைத்தால் மெல்ல இறங்கும். அதைப் பார்த்ததும் ஷாட்டை முடித்துவிட்டுக் கழுத்தை மாற்றுங்கள். இன்னும் ஒரு ஷாட் தாங்கும் என்று ஓட்டாதீர்கள்.

முகங்களின் எண்ணிக்கை பற்றியும் கேட்டிருந்தார். 247 எழுத்துக்கும் முகம் வேண்டாம், ஒன்பது போதும். க, ட, ற எல்லாம் வாய்க்குள்ளே நடப்பவை, கேமராவுக்குத் தெரியாது. உதடு மூடுகிற ம, ப, கீழுதட்டைப் பல் தொடுகிற வ, குவிகிற உ, இவைதான் கண்ணில் படும். 'வாம்மா' என்ற சொல்லில் ம்ம வரும் இடத்தில் மூடிய வாயை ஒரு படத்தோடு விட்டுவிட்டால் வாய் துடித்த மாதிரிதான் தெரியும். இரண்டு படமாவது நிற்கட்டும். சத்தம் வருவதற்கு ஒரு படம் முன்பே மூடிவிடுங்கள்.

பட்டறையில் சின்னக் குழந்தைகள் இருந்தால் காந்தங்களை எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். இரண்டை விழுங்கினால் அவை குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று கவ்வி, குடலையே துளைத்துவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள், வெளியே வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

வசனத்தைத் தொடும் முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே முகத்தைப் போட்டு ஒரு படம், கழற்றித் திரும்பப் போட்டு இன்னொரு படம், இப்படிப் பத்து. ஓட்டிப் பார்த்தால் பொம்மை உறைந்து நிற்க வேண்டும். தலை முழுவதும் நகர்ந்தால் குற்றம் கழுத்தில், முகம் மட்டும் துள்ளினால் ஆணியில். பிறகு ஒன்பது முகத்தையும் வரிசையாகப் போட்டு மூக்கை மட்டும் பாருங்கள்.

இந்தப் பொம்மைக்கும் நேற்று அதைத்தான் செய்தோம். எட்டு முகம் அசையவில்லை. 'உ' மட்டும் ஒரு பக்கம் தூக்கி நின்றது. திருப்பிப் பார்த்தால் ஆணிக் குழியின் அடியில் தோல் நிறப் பெயிண்ட் ஒரு சொட்டு காய்ந்து கிடந்தது. ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தோம். டக்கென்று உட்கார்ந்தது.