கடைசித் துண்டு வரும்வரை

கை நடுக்கம் உள்ளவர்களுக்கு ஆக்குபேஷனல் தெரபி கொடுப்பது என் வேலை. சட்டைப் பொத்தான், கரண்டி, கையெழுத்து என்று போய்க்கொண்டிருந்த பயிற்சியில் சில ஆண்டுகளாக செல்போனும் சேர்ந்துவிட்டது. பயிற்சிக்கு வருபவர்கள் ஓரளவு கற்றுக்கொண்டு போகிறார்கள். மறுமுனையில் அவர்கள் அனுப்பும் செய்தியைப் படிப்பவர்களுக்குத்தான் யாரும் எதுவும் சொல்வதில்லை.

ஒரு தாய்க்கும் வெளியூரில் இருக்கும் மகனுக்கும் வாட்ஸ்அப்பில் நடந்த உரையாடல் இது. அம்மாவுக்கு எசென்ஷியல் ட்ரெமர் என்ற நடுக்க நோய். கையைப் பயன்படுத்தும்போதுதான் நடுக்கம் கூடும். முதலில் “நாளை டாக்டரிடம்” என்று வந்தது. சிறிது நேரம் கழித்து “போக”. மகன் உடனே “சரிம்மா, காலையில் ஆட்டோ சொல்லிவிடுகிறேன்” என்று அனுப்பினார். அதன்பின் “வே” வந்தது, பிறகு “ண்டாம்”. மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். காலையில் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. டாக்டர் ஊரில் இல்லை, வெள்ளிக்கிழமைதான் வருகிறார் என்பதை அம்மா எழுதவே இல்லை. ஆட்டோ என்றதும் பதறி, ‘வேண்டாம்’ என்பதை முடிப்பதிலேயே முனைந்திருக்கிறார்.

இதில் இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, அவர் ஏன் துண்டு துண்டாக அனுப்பினார் என்பது. பெரும்பாலும் அது விருப்பத்தால் அல்ல. விசைப்பலகையின் வலது மேல் ஓரத்தை ஒட்டியே அனுப்பும் பொத்தான் இருக்கிறது. நடுங்கும் விரல் அதில் பட்டால் பாதி வாக்கியம் போய்விடும். இரண்டாவது, தமிழில் வினை கடைசியில் வருகிறது. மறுப்பும் கடைசியில்தான் வருகிறது. “மாத்திரை சாப்பிட” என்பதோடு நின்ற செய்தி ‘சாப்பிட வேண்டுமா’ என்றும் முடியலாம், ‘சாப்பிடவில்லை’ என்றும் முடியலாம். நாம் ஊகித்துப் பதில் சொல்வது சரியாக அந்த இடத்தில்தான்.

ஆகவே காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? அவருடைய பழைய செய்திகளைப் பாருங்கள். துண்டுகளுக்கு இடையே வழக்கமாக ஒரு நிமிடம் ஆகிறதென்றால், கடைசித் துண்டுக்குப் பின் மூன்று நிமிடமாவது பொறுங்கள். இது நான் கைக்கணக்காகச் சொல்லும் அளவு, மருத்துவ விதி அல்ல. மேலே ‘தட்டச்சு செய்கிறார்’ என்று தெரிவது மறைந்துவிட்டால் முடித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விரலை எடுத்துக் கையை மடியில் வைத்துக்கொண்டாலும் அது மறைந்துவிடும்.

இடையில் கட்டைவிரல் குறி போடுவதும் ஆபத்துதான். பாதி வாக்கியத்துக்குப் போட்ட குறி, முழு வாக்கியத்துக்கும் தந்த சம்மதம் போலத் தெரியும். “??” அனுப்புவது அதைவிடக் கெடுதல். பதற்றம் நடுக்கத்தைக் கூட்டும் என்பது இந்த நோயாளிகள் எல்லாருக்கும் தெரியும். அவசரப்படுத்தினால் அடுத்த துண்டு இன்னும் தாமதமாகவே வரும்.

பொறுத்தும் முடிவு வரவில்லையென்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு ஓர் எழுத்தில் பதில் சொல்ல முடிய வேண்டும். அந்த மகன் இப்படிக் கேட்டிருக்கலாம்: “நாளை டாக்டரிடம் போக, 1. வேண்டும் 2. வேண்டாம்”. அம்மா 2 என்று தட்டிய பிறகு, “ஏன் என்பதை மெதுவாக அனுப்புங்கள் அம்மா, இரவு பார்க்கிறேன்”. மூன்று கேள்விகளை ஒன்றாக அடுக்கினால் எதற்கு 2 என்பது யாருக்கும் புரியாது.

‘போன் செய்தால் முடிந்தது’ என்பார்கள். சிலருக்குச் சரிதான். ஆனால் பார்க்கின்சன் நோயில் குரலும் தணிந்து போவது உண்டு. தொலைபேசியில் “என்ன, கேட்கவில்லை” என்று கேட்டுக் கேட்டுச் சலித்துத்தான் பலர் எழுத்துக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுடைய சிக்கலும் சற்று வேறு. அங்கே கை ஓய்ந்திருக்கும்போது நடுக்கம் அதிகம். தட்டும்போது வேகக் குறைவுதான் படுத்துகிறது. பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் விரல் ஓடும், அடுத்த வேளை நெருங்கும்போது மீண்டும் தளரும். பதில் தேவைப்படும் கேள்வியை எந்த நேரத்தில் அனுப்பலாம் என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும்போது அவருடைய போனில் ஒரு வேலை செய்யலாம். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் அமைப்புகளில், அரட்டைகள் பகுதியில், என்டர் விசை செய்தியை அனுப்பும் வசதி இயங்கினால் அதை நிறுத்துங்கள். ஐபோனில் அணுகல்தன்மை அமைப்புக்குள், ஒரே இடத்தில் அடுத்தடுத்துப் படும் தொடுகையைப் புறக்கணிக்கும் வசதி இருக்கிறது. துண்டுகள் குறையும், முற்றிலும் நிற்காது.

இவ்வளவு பொறுமையும் அவருடைய வழக்கமான மெதுவுக்குத்தான். “விழுந்து” என்று ஒரு துண்டு வந்தால் மீதிக்குக் காத்திருக்காதீர்கள், உடனே அழையுங்கள். நேற்றுவரை பிழையோடாவது பொருள் புரிய எழுதியவர் இன்று திடீரென்று தொடர்பில்லாத எழுத்துகளை அனுப்பினால், அது பக்கவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். அழைத்துப் பேச வையுங்கள். பேச்சு குழறினாலோ, அவர் எடுக்கவே இல்லை என்றாலோ பக்கத்து வீட்டுக்காரரை உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சு குழறினாலோ, முகம் ஒரு பக்கம் கோணியிருந்தாலோ, ஒரு கை தூக்க வராமல் இருந்தாலோ பக்கத்து வீட்டுக்காரரே 108-க்கு அழைக்கட்டும்.