மோனோடோனிக் ஸ்டாக்: இதற்குச் சரியான தமிழ்ச் சொல் எது?

ஒரு எண்ணைக் கொடுத்து, அதிலிருந்து k இலக்கங்களை எடுத்துவிடு என்பார்கள். மிச்சம் இருக்கும் இலக்கங்களின் வரிசையை மாற்றக்கூடாது, கிடைக்கும் எண் எவ்வளவு சிறியதாக முடியுமோ அவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும். லீட்கோட்டில் 402-ஆம் கணக்கு இது. விடையைத் தேடிப் போனால் எல்லாரும் ஒரே பெயரைச் சொல்வார்கள்: மோனோடோனிக் ஸ்டாக். பெயரைக் கேட்டுவிட்டு நேராக நிரலுக்குப் போய்விடுகிறோம். அந்தப் பெயரின் பொருளைக் கொஞ்சம் யோசித்தால், இந்தக் கணக்கில் பலரும் தடுக்கி விழும் இடம் அதுவாகவே விளங்கிவிடும்.

முதலில் ஸ்டாக். ஆங்கிலத்துக்கு இது பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, அங்கே வைக்கோல் போர் என்று பொருள். கணினிக்குள் இந்த யோசனை வந்தபோது எல்லாரும் இதே பெயரைச் சொல்லவில்லை. டூரிங் 1945-46 காலத்தில் எழுதியபோது 'புதைப்பது', 'தோண்டி எடுப்பது' என்ற பொருளில் சொற்களை வைத்தார், ஜெர்மனியில் பவரும் சாமல்சனும் நிலவறை என்று பொருள்படும் 'கெல்லர்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். எந்தப் பெயராக இருந்தாலும் கருத்து ஒன்றுதான்: கடைசியில் வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். தமிழில் 'அடுக்கு' போதும். 'அடுக்கு' என்றாலே ஒன்றின் மேல் ஒன்று, மேலே இருப்பதுதான் முதலில் கைக்கு வரும்.

மோனோடோனிக்தான் கொஞ்சம் வம்பு. கிரேக்கத்தில் 'மோனோஸ்' என்றால் ஒன்று, 'டோனோஸ்' என்றால் இழுத்துக் கட்டிய விறைப்பு, அதிலிருந்து எழும் சுருதி. ஆக, ஒரே சுருதி. ஒரே சுருதியில் பேசினால் சலிப்பு வரும் என்பதால் அன்றாட ஆங்கிலத்தில் அது சலிப்பைக் குறிக்கும் சொல்லாகவும் ஆனது. அகராதியைத் திறந்து அந்தப் பொருளை எடுத்துக்கொண்டால் 'சலிப்பூட்டும் அடுக்கு' என்றுதான் வரும், வேண்டாம். கணிதத்தில் அதன் பொருள் வேறு: ஒரு திசையில் போகிறது, நடுவில் திரும்புவதில்லை. ஏறினால் ஏறிக்கொண்டே இருக்கும், இறங்கினால் இறங்கிக்கொண்டே இருக்கும்.

பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இதற்கு 'ஓரியல்பு' என்று சொல் இருக்கிறது, சார்புகளைப் பற்றிப் படிக்கும்போது வரும். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்ய எனக்கு மனம் வராது, அதனால் பொதுப்பெயராக 'ஓரியல்பு அடுக்கு' என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கணக்கைப் பொறுத்தவரை அது போதாது. எந்தத் திசையில் ஓரியல்பு, சமமான இலக்கங்கள் பக்கத்தில் நிற்கலாமா, இந்த இரண்டையும் அது சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல 'குறையா அடுக்கு' என்று சொல்லலாம் என்பது என் கட்சி. 'பொய்யாமொழி' என்பதில் இருக்கிற அதே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான் இது. 'ஏறும் அடுக்கு' என்று சொன்னால் தப்பாகிவிடும். ஏன் என்று ஒரு எண்ணை எடுத்துப் பார்த்தால் தெரியும்.

எண் 5073346, நீக்க வேண்டியது 4 இலக்கங்கள். இடமிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கிறோம். புதிதாக வரும் இலக்கம் அடுக்கின் உச்சியில் இருப்பதைவிடச் சிறியது என்றால், உச்சியில் இருப்பதை எடுத்து எறிகிறோம், நீக்கும் கணக்கில் ஒன்று செலவு. பெரிய இலக்கம் ஒன்று இடப்பக்கம் உயர்ந்த இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அதன் பின்னாலேயே சின்னது வந்து நிற்கிறது, அப்படியிருக்கப் பெரியதை எதற்கு வைத்திருக்க வேண்டும்?

5 வருகிறது, உள்ளே வைக்கிறோம். 0 வருகிறது, 5 போகிறது (மிச்சம் 3), 0 உட்காருகிறது. 7 வருகிறது, அது 0-ஐவிடப் பெரியது, சும்மா மேலே ஏறுகிறது. 3 வருகிறது, 7 போகிறது (மிச்சம் 2), அடுக்கு இப்போது 0, 3. இன்னொரு 3 வருகிறது. உச்சியிலும் 3, வருவதும் 3. எடுக்கக்கூடாது, மேலே வைக்க வேண்டும். அப்புறம் 4, 6 இரண்டும் தகராறு இல்லாமல் ஏறிவிடுகின்றன. எண் முடிந்தது, அடுக்கில் 0, 3, 3, 4, 6. நீக்க வேண்டியதில் இன்னும் இரண்டு பாக்கி.

பெயர் இங்கேதான் வேலை செய்கிறது. பாக்கி இரண்டை எங்கிருந்து எடுப்பது? அடுக்கு எங்கேயும் குறையவில்லை, அடியிலிருந்து உச்சிவரை ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் உள்ளதற்குச் சமம் அல்லது அதைவிடப் பெரியது. அப்படியென்றால் மிகப் பெரியவை எல்லாம் வலக்கோடியில் இருக்கின்றன. இடப்பக்கம் எதை எடுத்தாலும் அந்த இடத்துக்கு அதைவிடச் சிறியது வரப்போவதில்லை. ஆகவே வாலை வெட்டு: 6 போகிறது, 4 போகிறது, 033 மிஞ்சுகிறது. இதை மறந்துவிட்டு அடுக்கை அப்படியே திருப்பிக் கொடுத்தால் 3346 என்று வரும். ஏழு இலக்கத்தில் நான்கை நீக்கினால் மூன்றுதான் மிஞ்ச வேண்டும், நான்கு இலக்கத்தில் விடை வந்தால் பாக்கி நிற்கிறது என்று அர்த்தம்.

சமமான இலக்கத்துக்கு வருவோம். பெயரை 'ஏறும் அடுக்கு' என்று மனதில் வைத்துக்கொண்டு, சமமாக இருந்தாலும் எடு என்று எழுதினால் என்ன ஆகும்? இரண்டாவது 3 வரும்போது முதல் 3 வீணாகப் போகும், மிச்சம் 1. கடைசியில் அடுக்கு 0, 3, 4, 6, வாலில் ஒன்றை வெட்டினால் 034. விடை 34 என்று வரும், சரியான விடை 33. ஒரு சமக்குறி அதிகமாகப் போட்டதற்கு இந்த விலை. சமமானதை எடுத்து எறிந்தால் அந்த இடத்தில் அதே இலக்கம்தான் வந்து உட்காருகிறது, லாபம் எதுவும் இல்லை, கையில் இருந்த ஒரு நீக்கம் மட்டும் போய்விடுகிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், பெயரை ஒரேயடியாக நம்பிவிடவும் கூடாது. அதே எண்ணில் ஒரு இலக்கத்தை மட்டும் நீக்கச் சொன்னால், 0 வரும்போது 5 போய்விடும், கையில் இருந்தது தீர்ந்தது. அப்புறம் 7-ன் மேல் 3 வரும்போது எடுக்க அனுமதி இல்லை, அடுக்கு 0, 7, 3, 3, 4, 6 என்று நிற்கும். இதில் குறையாமை எங்கே இருக்கிறது? k தீரும்வரைதான் அது குறையா அடுக்கு, தீர்ந்த பிறகு வெறும் அடுக்கு. நல்லவேளையாக, வாலை வெட்டும் தேவை k மிச்சம் இருக்கும்போது மட்டும்தான் வருகிறது, அப்போது அடுக்கு பெயருக்கு ஏற்றபடியே இருக்கும்.

சரி, 033-ல் முன்னால் நிற்கும் பூஜ்ஜியம். இதைச் சிலர் 'முன்னணி பூஜ்ஜியம்' என்று எழுதுகிறார்கள், அது ஏதோ முன்னணி நடிகர் மாதிரி கேட்கிறது. 'முன்னிற்கும் பூஜ்ஜியம்' போதும். இதை உதறினால் 33. இந்த உதறல் k-வின் கணக்கில் சேராது. மூன்று இலக்கம் மிஞ்ச வேண்டும் என்றோமே, விடையில் இரண்டுதானே இருக்கிறது என்று குழம்ப வேண்டாம், மூன்று இடமும் இருக்கிறது, முதல் இடத்தில் இருப்பதற்கு மதிப்பு இல்லை, அவ்வளவுதான். எல்லாமே பூஜ்ஜியமாக இருந்தாலோ எல்லா இலக்கத்தையும் நீக்கச் சொன்னாலோ கையில் காலியான சரம்தான் மிஞ்சும், அங்கே `0` என்று ஒன்றை நாமே வைக்க வேண்டும்.

```python
def remove_k(num, k):
    st = []
    for d in num:
        while k and st and st[-1] > d:
            st.pop()
            k -= 1
        st.append(d)
    st = st[:len(st) - k]
    return ''.join(st).lstrip('0') or '0'
```

இதில் வால் வெட்டும் வரியை நான் முதன்முதலில் `st[:-k]` என்று சுருக்கமாக எழுதியிருந்தேன். பாக்கி இருக்கும்போதெல்லாம் ஒழுங்காக ஓடியது. 5073346-ல் இரண்டை நீக்கச் சொன்னபோது 3346 வருவதற்குப் பதில் 0 வந்தது. 5-ம் 7-ம் போனதும் k பூஜ்ஜியம், `st[:-0]` என்பது பைத்தானுக்கு `st[:0]` தான், முழு அடுக்கும் காலி. கடைசி வரியில் இருக்கும் `or '0'` அந்தக் காலியை அழகாக மூடி மறைத்துவிட்டது, அதனால் எங்கே பிழை என்று கண்டுபிடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. சம்பந்தமே இல்லாமல் 0 வந்தால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

பூஜ்ஜியத்தைக் கடைசியில் உதறுவானேன், அடுக்கு காலியாக இருக்கும்போது வருகிற 0-ஐ உள்ளேயே விடாமல் தடுத்தால் என்ன என்று தோன்றும். செய்யலாம், ஆனால் வாலை எப்படி வெட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மிஞ்ச வேண்டிய நீளம் 3, ஆகவே முதல் மூன்றை எடு என்று எழுதியிருந்தால், 4 இலக்கம் நீக்கும் அதே கணக்கில் அடுக்கு 3, 3, 4, 6 என்றிருக்கும், முதல் மூன்று 334. தப்பு. உதறிய பூஜ்ஜியமும் அந்த மூன்றில் ஒரு இடத்தைப் பிடித்திருந்தது, அதை எண்ணாமல் விட்டதால் வந்த வினை. பாக்கி k-வை எண்ணி, அடுக்கு காலியாகும்வரை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டினால் இந்தச் சிக்கல் வராது.

பூஜ்ஜியத்தை உதற `int` போட்டுத் திரும்பச் சரமாக்குவது இன்னொரு குறுக்குவழி. கணக்கில் எண் ஒரு லட்சம் இலக்கம்வரை போகலாம், பைத்தான் 3.11-ல் 4300 இலக்கத்துக்கு மேல் உள்ள சரத்தை `int` ஏற்காமல் `ValueError` என்று நின்றுவிடும். இங்கே எண் என்று சொல்கிறோமே தவிர, கையாள்வதெல்லாம் இலக்கங்களின் சரம்தான். நீளம் சமமாக இருப்பதால் இடமிருந்து இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டாலே எது சிறிய எண் என்று தெரிந்துவிடும், மதிப்பைக் கணக்கிட வேண்டிய தேவையே எழுவதில்லை.