அப்ஸ்ட்ராக்ட்: சுருக்கம் அல்ல, பிழிவு

கருத்தரங்க அழைப்பிதழ்களில் எல்லாம் ‘ஆய்வுச் சுருக்கம் அனுப்புக’ என்றே அச்சாகிறது. அப்ஸ்ட்ராக்ட்டுக்கு அது சரியான சொல் அல்ல.

மூலம் இலத்தீன்: ‘அப்ஸ்’ விலக்கி, ‘ட்ராஹெரே’ இழுத்தல். ஒன்றிலிருந்து வெளியே இழுத்தெடுத்தது என்பது பொருள். தமிழில் அதற்குப் பிழிவு இருக்கிறது. சாரம் வடசொல்தான் என்றாலும் பொருள் பிசகவில்லை.

சுருக்கத்தில் எது பிசகு? துணி சுருங்கினால் கை, கழுத்து, உடல் என எல்லாப் பாகமும் சேர்ந்தே சிறுக்கும். அந்தச் சொல்லை நம்பிய முதுகலை மாணவர் கருத்தரங்கச் சுவரொட்டிக்கு எழுதும்போது முன்னுரைக்கு இரண்டு வரி, முறைக்கு இரண்டு வரி, முடிவுக்கு இரண்டு வரி என்று ஒரே அளவாகக் குறுக்கிவிடுகிறார். தங்க நானோதுகள் தயாரிப்பு என்றால் வருவது இதுதான்: “தங்க நானோதுகள்கள் மருத்துவத்தில் பெரிதும் பயன்படுகின்றன. சிட்ரேட் முறையில் பல்வேறு அளவுத் துகள்கள் பெறப்பட்டன. முடிவுகள் விவாதிக்கப்படும்.” எத்தனை நானோமீட்டர் என்ற ஒரே கேள்விக்கு இதில் விடை இல்லை.

பிழிந்தால் சக்கை வெளியே நின்றுவிடும். வேதியியலர் ஃபிரென்ஸ் 1973இல் வெளியிட்ட அளவுகளையே பிழிந்து பார்ப்போம்: “கொதிக்கும் 0.01% குளோரோஆரிக் அமிலக் கரைசல் 50 மி.லி.யில் 1% சோடியம் சிட்ரேட் 1 மி.லி. சேர்த்தபோது 16 நா.மீ. துகள்களும், 0.5 மி.லி. சேர்த்தபோது 41 நா.மீ. துகள்களும் கிடைத்தன. சிட்ரேட் குறையும்போது கருக்கள் குறைவாகத் தோன்றி, தங்கம் அந்தச் சிலவற்றின் மேலேயே படிவதால் துகள் பெரிதாகிறது.” மாற்றியது, அளந்தது, காரணம் மூன்றும் வந்துவிட்டன. மருத்துவப் பயன் சக்கை. சுவரொட்டி முன் வந்து நிற்பவருக்கு அது தெரியும். கரைசல் ஒயின் சிவப்பானதும் அப்படித்தான். நிறத்தைச் சொல்லியே தீரவேண்டுமென்றால் ஒளி உறிஞ்சல் உச்சத்தை எண்ணாகச் சொல்லுங்கள். சிறு கோளத் துகள்களுக்கு அது 520 நா.மீ. அலைநீளத்தை ஒட்டி வரும்.

பிழியும்போது விடக்கூடாத ஒன்று, அளவு எந்தக் கருவியில் கிடைத்தது என்பது. மின்னணு நுண்ணோக்கி தங்கத்தை மட்டும் காட்டும். ஒளிச்சிதறல் கருவி துகளைச் சுற்றிய சிட்ரேட், நீர்ப்போர்வையோடு சேர்த்து அளப்பதால் கூடுதலாகக் காட்டும். கருவியின் பெயரின்றி ‘20 நா.மீ.’ என்றால் எதை நம்புவது? சராசரியோடு அதன் விலக்கத்தையும், எத்தனை துகள்களை அளந்தீர்கள் என்பதையும் சேர்த்தால்தான் அந்த எண் முழுமை பெறும்.

‘சுருக்கம்’ எல்லோருக்கும் புரிகிறதே என்பார்கள். சம்மரிக்கும் அதே சொல்தானே? ஒரே ஆய்வேட்டின் தொடக்கத்தில் ஒன்றும் இறுதி இயலில் மற்றொன்றுமாக இரண்டும் வரும்போது மொழிபெயர்ப்பாளர் இரண்டுக்கும் சுருக்கம் என்றே போட்டுவிடுகிறார். நடந்ததை வரிசை மாறாமல் குறுகச் சொல்வது சுருக்கம்; அதை இறுதி இயலுக்கே விடலாம். அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகும் இந்தப் பழக்கத்தால்தான், அப்ஸ்ட்ராக்ட் என்று கண்டதும் ‘அருவம்’ என்று எழுதிய தலைப்புகளையும் படிக்க வேண்டியிருக்கிறது.