வீட்டைச் சித்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் முன் எழுதி வைக்க வேண்டிய ஒரு தாள்

குமரி மாவட்டத்தில் குழாய் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனிப் பருவம் உண்டு. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் திரும்பிச் சென்ற பிறகு, வீட்டில் காவலுக்கு இருக்கும் சித்தியோ மாமியோ கூப்பிடுவார்கள். தண்ணீர் நிற்கவில்லை, எதை மூடுவதென்று தெரியவில்லை என்பார்கள். பெரும்பாலும் மூட வேண்டியது மொட்டை மாடியில்தான் இருக்கும். அது எதுவென்று வீட்டுக்காரர் யாருக்கும் சொல்லிவிட்டுப் போயிருக்க மாட்டார்.

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு மாடி வீடு. மேல்மாடிக் குளியலறையில் கழிவறைக் கைக்குழாயின் நெகிழ்குழாய் வெடித்துவிட்டது. இந்தக் குழாய்தான் வீட்டிலேயே பலவீனமான இடம். விசையை விட்டதும் தண்ணீர் நின்றுவிடுவதால் எல்லாம் மூடியாயிற்று என்று நினைக்கிறோம். ஆனால் அந்தக் குழாய்க்குத் தண்ணீர் விடும், சுவரில் உள்ள ஆங்கிள் காக் என்ற சிறு வால்வு திறந்திருந்தால் டேங்கின் அழுத்தம் முழுவதையும் அந்த மெல்லிய குழாய் இரவும் பகலும் தாங்கி நிற்கிறது. வெடித்தால் நிமிடத்துக்கு 8 லிட்டர் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 1000 லிட்டர் டேங்க் இரண்டு மணி நேரத்தில் காலி. மோட்டாருக்குத் தானியங்கிக் கருவி இருந்தால் இன்னும் மோசம். டேங்க் குறையக் குறைய அது நிரப்பிக்கொண்டே இருக்கும், கிணறு வற்றும் வரை.

அந்த வீட்டுச் சித்தி கெட்டிக்காரர். மாடி ஏறி, டேங்கிலிருந்து இறங்கும் பெரிய குழாயின் வால்வை மூடிவிட்டார். வெள்ளம் நின்றது. சிக்கல் அதன் பிறகுதான். மேலே தண்ணீர் மீதி இருக்கிறதா என்று பார்க்க மாடியில் சுடுநீர்க் குழாயைத் திறந்து வைத்தார். கீழே தரையைக் கழுவ வந்தவர் தோட்டத்துக் குழாயைத் திறந்தார். கீசரின் குளிர்நீர் வாயிலில் இருக்க வேண்டிய, தண்ணீரைத் திரும்ப விடாத பாதுகாப்பு வால்வு அங்கே இல்லை. தண்ணீர் மெதுவாக வருகிறது என்று முன்பு யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். மேலே திறந்த குழாய் வழியாகக் காற்று புக, கீசருக்குள் இருந்த நீர் வந்த வழியே கீழே இறங்கித் தோட்டத்துக்குப் போய்விட்டது. வெளியே இருந்து பார்த்தால் கீசர் நிறைந்திருக்கிறதா, காலியா என்று தெரியாது. மறுநாள் குளிக்க வந்த பேரன் சுவிட்சைப் போட்டான். சற்று நேரத்தில் கருகல் வாசனை வந்தது, ஹீட்டர் காயில் போய்விட்டது.

ஆகவே நான் எந்த வீட்டுக்கும் எழுதச் சொல்லும் தாளில் முதல் வரி இதுதான்: "டேங்க் வால்வை மூடினால், முதல் வேலை கீசர் சுவிட்சை அணைப்பது." காலியான கீசர் மட்டும் அல்ல ஆபத்து. வால்வும் குழாய்களும் மூடிய நிலையில் நிறைந்த கீசரைச் சூடாக்கினாலும், விரியும் நீருக்குப் போக்கிடம் இல்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும். அதை வெளியே விடுவதற்கென்றே அந்தப் பாதுகாப்பு வால்வு இருக்கிறது. பொதுவாக 8 பார் அளவில் திறக்கும். சூடாகும்போது அதிலிருந்து சில சொட்டு விழுவது இயல்பு, பயப்பட வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் ஒழுகிக்கொண்டே இருந்தால்தான் ஆளைக் கூப்பிட வேண்டும். அந்தத் துளையைத் துணியால் அடைக்கவே கூடாது.

சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, சிவப்பு விளக்கோடு பெரியதாக இருக்கும். விளக்கு எரிந்தால் மின்சாரம் போகிறது என்று பொருள்; தண்ணீர் இருக்கிறது என்று பொருள் அல்ல. வால்வைத் திரும்பத் திறந்த பிறகு என்ன செய்வதென்று தாளில் இப்படி எழுதலாம்: "சித்தி, முதலில் சுடுநீர்க் குழாயைத் திறவுங்கள். காற்றுப் புஸ் புஸ்ஸென்று வந்து, பிறகு தண்ணீர் இடைவிடாமல் சீராக வரும். அதன் பிறகே சுவிட்ச்." கீசரில் சுடுநீர் மேல்பகுதியிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே சுடுநீர்க் குழாயில் சீராகத் தண்ணீர் வந்தால், உள்ளே நிறைந்துவிட்டது என்று நம்பலாம்.

வால்வு எது என்று காட்டுவது அடுத்த வேலை. மாடியில் பல வால்வுகள் வரிசையாக நிற்கும். ஒன்று வீடு முழுவதற்கும், ஒன்று சமையலறைக்கு, ஒன்று டேங்கைக் கழுவித் தண்ணீரை வெளியே விட. கடைசியாகச் சொன்னதைத் திறந்துவிட்டால் டேங்கே காலி. ஆகவே மூட வேண்டியதில் சிவப்புப் பட்டி, தொடக்கூடாததில் கறுப்புப் பட்டி ஒட்டிவிடுங்கள். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது. பழைய வட்டச் சக்கர வால்வு வேறு ரகம். அதை மூட, கடிகார முள் போகும் திசையில் பல சுற்று சுற்ற வேண்டும். கொளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் இந்தச் சக்கரம் இறுகிவிடும். அதை ஸ்பானர் போட்டு முறுக்கினால் உள்தண்டு உடையும். பிளாஸ்டிக் கைப்பிடியோ பல ஆண்டு வெயிலில் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். இரண்டில் எது இருந்தாலும் ஊருக்குப் போகும் முன் மாற்றிவிடுவது மலிவு.

இனி உடையும் பொருள்கள். ஐரோப்பிய மலக்கழிப்பிருக்கையின் மேல் ஏறிக் குத்தவைத்து உட்காரக் கூடாது என்பதைச் சங்கடப்படாமல் எழுதுங்கள். உடைந்த பீங்கானின் விளிம்பு கத்தி போல் வெட்டும். தையல் போடும் அளவுக்குக் காயம்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சித்திக்கு அது பழக்கமில்லை என்றால் பின்பக்கத்து இந்திய முறைக் கழிவறையைச் சொல்லிவிடுங்கள். வாஷ்பேசினில் கையூன்றி எழுவதும் வேண்டாம், பல இடங்களில் அது இரண்டு போல்ட்டை நம்பித்தான் நிற்கிறது.

இன்னொன்று நல்ல மனதினால் வருவது. இந்தப் பக்கத்துப் போர் தண்ணீரில் பல இடங்களில் இரும்பு உண்டு. தரையிலும் குழாயிலும் பழுப்புக் கறை படியும். வீட்டுக்காரர் வருவதற்குள் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று ஆசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். ஆசிட்டும் அதன் புகையும் பட்டால் குழாயின் மேல்பூச்சு கறுத்து உரியும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது மூச்சையே அடைக்கும். "கறை கிடக்கட்டும் சித்தி, வந்து பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு வரி எழுதினால் போதும். பயன்படாத குளியலறையின் தரை வடிகாலில் வாரம் ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். உள்ளே தேங்கும் நீர் வற்றினால் நாற்றமும் கரப்பானும் மேலே வரும்.

பயன்படாத குளியலறைகளின் ஆங்கிள் காக்குகளை மூடிவிட்டுப் போங்கள். மோட்டாரின் தானியங்கிக் கருவியை அணைத்து, நாளுக்கு ஒருமுறை சித்தி நின்று போடும்படி வையுங்கள். தாளின் கீழே உங்கள் ஊர்க் குழாய்க்காரரின் எண், மின்பணியாளரின் எண். தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, கீசர் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். பீரோவுக்குள் வைத்தால் யாருக்கும் கிடைக்காது.

கிளம்பும் முந்தைய நாள் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். கீசரை அணைத்துவிட்டு, சிவப்புப் பட்டி வால்வைச் சித்தியையே மூடச் சொல்லுங்கள். நீங்கள் கீழே ஒரு குளிர்நீர்க் குழாயைத் திறந்து நில்லுங்கள். குழாய்க்குள் மிச்சமிருந்த நீர் சிறிது நேரம் வரும், பிறகு நிற்கும். பத்து நிமிடம் கழித்தும் மெல்லிய நூலாக ஓடிக்கொண்டிருந்தால் அந்த வால்வு பிடிக்கவில்லை. டாக்சி வருவதற்கு முன் அதை மாற்றுங்கள்.