திருத்தம் கொண்டுவரும் பிழை

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பது வழக்கம் என்பதால், அதற்கு முந்தைய வாரங்களில் குறுவைக் கடன் விண்ணப்பங்களும் திட்ட அறிக்கைகளும் மெய்ப்புப் பார்க்க வரிசையாக வருகின்றன. கும்பகோணம் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் அறிக்கையும் அப்படித்தான் வந்தது. வங்கி ஹெக்டேர் கணக்கில் கேட்டிருந்ததால், மாற்றியவற்றைச் சிவப்பில் காட்டும் வேர்டின் Track Changes வசதியை இயக்கி அவர்களே அலகை மாற்றியிருந்தார்கள். "சிவப்பில் தெரிந்ததையெல்லாம் பார்த்துவிட்டோம் சார். ஏற்றுக்கொண்டு அனுப்பிவிடலாமா?" என்று கேட்டார் செயலர்.

அந்தக் கோப்பில் இருந்த ஒரு வாக்கியம் இது. முதலில், "100 ஏக்கர் பரப்பில் நேரடி விதைப்பும் 50 ஏக்கரில் நடவும் நடைபெறும்." திருத்திய பின், "100 ஹெக்டேர் பரப்பில் நேரடி விதைப்பும் 50 ஏக்கரில் நடவும் நடைபெறும்." சிவப்பில் இருந்தது "ஹெக்டேர்" என்ற ஒரே சொல். அந்தச் சொல்லில் பிழை இல்லை. பிழை இருந்தது அதன் இருபுறமும் கறுப்பில் இருந்த எழுத்துகளில். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். எண்ணை மாற்றாமல் அலகை மட்டும் மாற்றியதால் 100 ஏக்கர் நிலம் 247 ஏக்கராக வளர்ந்துவிட்டது.

இரண்டாவது "ஏக்கர்" ஏன் தப்பியது? "ஏக்கர்" என்று புள்ளி வைத்துத் தேடினால், வேற்றுமை உருபு ஏறிய "ஏக்கரில்", "ஏக்கருக்கு" ஆகியவை அகப்படா. அங்கே புள்ளி போய் உயிர்க்குறி வந்துவிடுகிறது. கணினிக்கு அது வேறு எழுத்துத் தொடர். தமிழில் மொத்தமாக மாற்றும்போது இந்தக் கண்ணி எப்போதும் உண்டு. "ஏக்க" என்று சொல்லின் முன்பகுதியை மட்டும் தேடினால் எல்லா வடிவங்களும் வரும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

ஒற்றுப்பிழையும் இப்படியே நுழைகிறது. "நாற்றங்காலுக்குத் தேவையான உரம்" என்பதில் "தேவையான" என்பதை "வேண்டிய" என்று மாற்றினால், முன்சொல்லின் கடைசியில் "த்" அநாதையாக நின்றுவிடும். "நிறுவனத்தால் விதைநெல் வழங்கப்படும்" என்ற வாக்கியத்தில் ஒருவர் முதல் சொல்லை "நிறுவனம்" என்று திருத்திவிட்டு வினையை விட்டுவிட்டால், "நிறுவனம் விதைநெல் வழங்கப்படும்" என்று ஆகிவிடும். தனித்தனியே ஒவ்வொரு சொல்லும் சரி என்பதால், எழுத்துப்பிழை காட்டும் கருவியை இங்கே நம்ப முடியாது.

ஆகவே கடைசிப் பார்வையில் நான் திருத்தங்களைப் படிப்பதில்லை. திருத்தப்பட்ட வாக்கியங்களைப் படிக்கிறேன். வேர்டில் Review பகுதியில் Simple Markup என்ற காட்சி இருக்கிறது. அதில் அடித்தல் கோடுகள் மறைந்து, திருத்திய வடிவம் மட்டும் தெரியும். மாற்றம் நடந்த வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு நிற்கும். கோடு உள்ள இடமெல்லாம் வாக்கியத்தின் முதல் சொல்லிலிருந்து முற்றுப்புள்ளி வரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். எண் இருந்தால் அது தொடர்புடைய அட்டவணைக்கும் கூட்டுத்தொகைக்கும் போக வேண்டும். அந்த அறிக்கையில் 100 ஏக்கர் 40.5 ஹெக்டேராகவும் 50 ஏக்கர் 20.2 ஹெக்டேராகவும் மாறின. இறுதியில் இருந்த "மொத்தம் 150" என்பதற்கு அருகில் அலகே எழுதப்படாததால், அங்கே ஓரக்கோடும் இல்லை. கூட்டிப் பார்த்த பிறகுதான் அது 60.7 ஹெக்டேர் ஆனது.

இந்தச் சுற்றில் செய்யும் திருத்தங்களின்போதும் Track Changes இயக்கத்திலேயே இருக்கட்டும். "சின்ன மாற்றம்தானே" என்று அணைத்துவிட்டுச் செய்வதற்கு ஓரக்கோடு விழாது. அதை யாரும் மறுபடி படிக்கவும் மாட்டார்கள். நடுவில் யாரோ அணைத்திருப்பார்கள் என்ற ஐயம் இருந்தால், மாற்றங்களை ஏற்ற பிரதியையும் முதலில் வந்த கோப்பையும் Compare வழியாக ஒப்பிடலாம். தடம் பதியாமல் நடந்தவையும் அதில் வெளியே வரும். மூலத்திலேயே இருந்த பிழையை அது காட்டாது.

ஏற்பதை எப்போதும் ஒரு நகலில்தான் செய்ய வேண்டும். Accept All Changes கொடுத்தாலும் ஓரக் குறிப்புகள் போவதில்லை. அவற்றைத் தனியாக நீக்க வேண்டும். No Markup என்பது மாற்றங்களைக் கண்ணுக்கு மறைக்கும் காட்சி மட்டுமே. அந்த நிலையில் அனுப்பினால், நீக்கிய வரிகளை வங்கி அதிகாரி ஒரே சொடுக்கில் பார்த்துவிட முடியும். மாற்றங்களை ஏற்றபின் இரட்டை இடைவெளிகளையும், அடித்த சொல்லும் சேர்த்த சொல்லும் தொடும் இடத்தில் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மின்னஞ்சலில் இணைத்த கோப்பையே திறந்து சரியான பிரதிதானா என்று உறுதிசெய்த பிறகுதான் அனுப்பச் சொன்னேன்.