பணம் வரும் என்று நம்பி ‘Pay’ அழுத்திவிட்டீர்களா? வங்கிக்குப் போகும் முன் 1930

பழைய கட்டிலை விற்க இணையத்தில் விளம்பரம் போட்ட ஒரு பெண்ணின் கதை இது. விலை 9,500 ரூபாய். வாங்குகிறேன் என்று பேசியவன் பேரமே பேசவில்லை. “அக்கௌண்ட் சரியா இருக்கான்னு பார்க்கிறேன்” என்று முதலில் 10 ரூபாய் அனுப்பினான், அது நிஜமாகவே வந்தது. அடுத்த நிமிடம் போனில் யுபிஐ ஆப்பில் ஓர் அறிவிப்பு. பெரிய எழுத்தில் 9,500, அதற்குக் கீழே சின்னதாக ‘Amount will be credited’. அவர் ‘Pay’ அழுத்தி ரகசிய எண்ணைப் போட்டார். பணம் போய்விட்டது. பதறிப்போய்க் கேட்டதற்கு, “சிஸ்டம் தப்பு மேடம், இன்னொரு ரிக்வெஸ்ட் அனுப்புறேன், மொத்தமா 19,000 திரும்ப வந்துடும்” என்றான். இரண்டாவது 9,500-ம் போனது.

அந்தத் திரையில் இருந்த ‘credited’ என்ற வரியை எழுதியது வங்கியோ ஆப்போ அல்ல. வந்தது பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை, அதற்குப் பெயர் கலெக்ட் ரிக்வெஸ்ட். பணம் கேட்பவர் தன் இஷ்டத்துக்கு நிரப்பும் குறிப்புப் பெட்டி அதில் உண்டு, எதை வேண்டுமானாலும் எழுதலாம். அந்தத் திரையில் நம்பத்தக்கது பொத்தான் மட்டும்தான். ‘Pay’ என்று இருந்தால் உங்கள் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். இருப்பைப் பார்க்கவும் ரகசிய எண் கேட்கும் என்பதால், எண் கேட்பது பலருக்கு ஆபத்தாகவே தோன்றுவதில்லை. பணம் வருவதற்கு எந்தக் காலத்திலும் எண் கேட்காது.

“அதான் கலெக்ட் ரிக்வெஸ்ட்டையே நிறுத்திட்டாங்களே” என்று வங்கியிலேயே சிலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஒரு தனிநபர் இன்னொரு தனிநபரிடம் இப்படிப் பணம் கேட்பதை தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தச் சொன்னது. வணிகர் கணக்கிலிருந்து கேட்க வழி அதற்குப் பிறகும் இருந்தது. அதனால் உங்கள் ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, பணம் போன யுபிஐ முகவரியையும் பெயரையும் பாருங்கள். கடைப் பெயராக இருந்தால் அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை ஏதோ ஒரு வங்கி ஆவணம் பார்த்துத்தான் திறந்து கொடுத்திருக்கிறது, அதைப் பிடிக்க அந்தப் பெயர் உதவும். கூடவே அந்தப் பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் 12 இலக்க யுடிஆர் எண்ணும் வேண்டும். இரண்டு முறை பணம் போயிருந்தால் இரண்டு எண்களையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் ஒன்றைத்தான் தேடுவார்கள்.

இப்போது 1930-ஐக் கூப்பிடுங்கள். சைபர் நிதி மோசடிக்கான அரசு எண் இது, கட்டணம் எதுவும் கிடையாது. இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. அடுத்த கணக்கு, அதற்கடுத்த கணக்கு, கடைசியில் ஏடிஎம் என்று ஓடும். 1930-ல் பதிவாகும் புகார் அந்தப் பணத்தின் தடம் பிடித்து வங்கிகளுக்குப் போகும், எந்தக் கணக்கில் இன்னும் மிச்சம் இருக்கிறதோ அங்கே அதை முடக்குவார்கள். பணம் திரும்புவதற்கு உண்மையில் இருக்கும் ஒரே பெரிய வாய்ப்பு இதுதான். லைன் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்காமல் cybercrime.gov.in-ல் நேரடியாகப் பதிவு செய்யுங்கள். போனில் சொன்னதோடு விட்டுவிடவும் கூடாது. குறுஞ்செய்தியில் வரும் ஒப்புகை எண்ணை வைத்து அதே தளத்தில் விவரங்களை நிரப்பிப் புகாரை முழுமையாக்க வேண்டும். பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

அடுத்து வங்கி. அவர்களின் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், போலி வாடிக்கையாளர் சேவை எண்கள் அங்கே நிறைய உண்டு. டெபிட் கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணில் பேசி, யுபிஐ-யை முடக்கச் சொல்லி, புகார் எண்ணை வாங்குங்கள். வாங்கிய நேரத்தையும் எழுதி வையுங்கள். வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பை வங்கிதான் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை சுற்றறிக்கையில் சொன்னது. அந்தப் பெண் முதல் 9,500 போனதும் மோசடிக்காரனிடம் திரும்பப் பேசாமல் வங்கிக்குச் சொல்லியிருந்தால் இரண்டாவது 9,500 போயிருக்காது.

இனிதான் அலைச்சல். கிளையில், “நீங்கதானே பின் நம்பர் போட்டீங்க, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, முதல்ல எஃப்ஐஆர் கொண்டு வாங்க” என்பார்கள். காவல் நிலையத்தில், “முதல்ல பேங்க்ல லெட்டர் வாங்கிட்டு வாங்க” என்பார்கள். பணம் அதற்குள் எங்கோ போய்விடும். புகாரை வாங்கிக்கொள்ள வங்கிக்கு எஃப்ஐஆர் தேவையில்லை. எல்லை எங்களுடையது இல்லை என்று காவல் நிலையம் திருப்பி அனுப்பவும் சட்டம் இடம் தரவில்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு.

வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் வார்த்தைகள் முக்கியம். “தவறுதலாக அனுப்பிவிட்டேன்” என்று எழுதாதீர்கள். எழுதினால் அது தவறான நபருக்குப் போன பணம் என்ற வகையில் விழும். வாங்கியவர் சம்மதித்தால்தான் திருப்ப முடியும் என்று பதில் வரும், மோசடிக்காரன் சம்மதிக்கவா போகிறான்? ஆப்பில் புகார் செய்யும்போதும் இதே கவனம் வேண்டும். ‘பணம் போய்ச் சேரவில்லை’ என்ற தேர்வை அழுத்தினால், பரிவர்த்தனை வெற்றி என்று சொல்லி மூடிவிடுவார்கள். மோசடி என்ற தேர்வைத் தேடி எடுங்கள். கடிதத்தில் இப்படி எழுதலாம்: “பணம் வரவு வைக்கப்படும் என்று ஏமாற்றி என்னிடம் ஒப்புதல் பெறப்பட்டது. ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லவில்லை, என் போனில் நானே பதிவிட்டேன். பணம் போன கணக்கின் வங்கிக்கு உடனே தெரிவித்து அதை முடக்கக் கோருகிறேன்.” யுடிஆர் எண்கள், 1930 ஒப்புகை எண், போனில் சொன்ன நேரம் எல்லாம் அதில் இருக்கட்டும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள். மறுத்தால் அதே கடிதத்தை அங்கிருந்தே வங்கியின் புகார் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வேலை நாளில் சொன்னால் முழுப் பணமும் கிடைக்கும் என்று பரவும் செய்தியை நம்பி உட்காராதீர்கள். அந்த 2017 விதி, உங்கள் அனுமதியே இல்லாமல் வெளியாள் பணம் எடுத்ததற்கானது. நீங்களே எண்ணைப் போட்டதை வங்கி உங்கள் ஒப்புதல் என்றுதான் வாதிடும், பெரும்பாலும் அந்த வாதம் நிற்கும். ஆனால் நீங்கள் சொன்ன பிறகும் யுபிஐ-யை முடக்காமல் இருந்ததும், பணம் போன வங்கிக்குத் தகவல் அனுப்பத் தாமதித்ததும் வங்கியின் குறை. அதைப் பிடித்துத்தான் வழக்காட வேண்டும்.

எழுத்தில் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது மறுத்துவிட்டால், cms.rbi.org.in-ல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. வாய்மொழியாகச் சொன்னது அங்கே செல்லாது. முத்திரை இல்லை, மின்னஞ்சலும் இல்லை என்றால் உங்கள் மனு விசாரணைக்கே வராமல் திரும்பிவிடும்.

பணம் ஏதாவது கணக்கில் முடக்கப்பட்டிருந்தால் அது தானாக உங்களிடம் வந்து சேராது. எவ்வளவு, எந்த வங்கியில் நிற்கிறது என்று ஒப்புகை எண்ணைச் சொல்லி மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தில் கேளுங்கள். அதை விடுவிக்க பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவில் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம். மனு எழுத வசதி இல்லாதவர்களும் பெண்களும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞரைக் கேட்கலாம். இதற்கு நடுவே யாராவது போன் செய்து, முடக்கிய பணத்தை விடுவிக்க முன்பணம் கட்டுங்கள் என்றால், அவன் இரண்டாவது திருடன். வைத்துவிடுங்கள்.