முதல் ஆள் யார்? பனிப்பந்து மாதிரி முறையில் சறுக்கும் இடம்

சென்னையில் வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்யப் புறப்பட்டால், அவர்களின் முழுப் பட்டியல் எங்கும் கிடைக்காது. நல வாரியத்திடம் இருப்பது பதிந்துகொண்டவர்களின் பெயர் மட்டுமே. முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டிச் சம்பளம் கேட்டால் யாரும் வாய் திறக்கவும் மாட்டார்கள். ஒருவரிடம் பேசி, அவர் மூலம் அடுத்தவரைப் பிடிக்கும் பனிப்பந்து மாதிரி முறை (ஸ்நோபால் சாம்ப்ளிங்) இங்கேதான் கைகொடுக்கிறது. தெரிந்தவர் சொல்லி அனுப்பினால் பேச்சு வேறு மாதிரி வரும்.

சறுக்கல் முதல் ஆளிலேயே தொடங்கிவிடுகிறது. முதலில் பேசியவர் சங்க உறுப்பினர் என்றால் அவர் கைகாட்டுவதும் சங்கத்துப் பெண்களைத்தான். 40 பேரிடம் பேசி முடித்து, "பெரும்பாலோர் வாரிய அட்டை வைத்திருக்கிறார்கள்" என்று எழுதினால், அது அந்த ஒரு வட்டத்தின் செய்தி. ஊரின் செய்தி அல்ல. அதனால் ஐந்தாறு பேரை வெவ்வேறு பகுதி, வயது, வேலை முறை பார்த்துத் தொடக்க ஆட்களாக எடுங்கள். ஒருவர் மூன்று பேருக்கு மேல் அனுப்ப வேண்டாம். யார் யாரை அனுப்பினார் என்பதை 2, 2.1, 2.1.3 என்று எண்ணிட்டுக் குறித்து வாருங்கள். பாதிப் பேர் ஒரே கிளையிலிருந்து வந்திருந்தால் நோட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

அடுத்தவரின் போன் நம்பரை வாங்காதீர்கள். உங்கள் எண் எழுதிய சீட்டைக் கொடுத்தனுப்பினால், விருப்பமுள்ளவர் தானே கூப்பிடுவார்.

இன்னொரு சாய்வு அவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. பழக்கம் அதிகமுள்ளவர் மாதிரிக்குள் வர வாய்ப்பும் அதிகம். பேசிய 100 பேரில் 60 பேருக்குத் தலா 20 சக பணியாளர்களைத் தெரியும், மீதி 40 பேருக்குத் தலா 4 பேரைத்தான் தெரியும் என்று வையுங்கள். தெரிந்தோர் எண்ணிக்கையால் வகுத்தால் முதல் குழுவின் எடை 60/20 = 3; இரண்டாவதன் எடை 40/4 = 10. 60 சதவீதமாகத் தெரிந்த குழு 13-இல் 3, அதாவது ஏறத்தாழ 23 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது! 1997-இல் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் முன்வைத்த, பதிலளிப்போரே ஆள் சேர்க்கும் முறையிலிருந்து வளர்ந்ததுதான் இந்தத் திருத்தம். அதற்கு எண்ணிட்ட சீட்டு, ஆளுக்கு வரம்பு, நீண்ட சங்கிலி எல்லாம் வேண்டும். சும்மா சேர்த்த மாதிரியில் இந்தக் கணக்கைப் போட்டுச் சதவீதம் சொல்வது வேண்டாத வேலை.

உங்கள் கேள்வி "எத்தனை பேர்" என்றால் சாதாரணப் பனிப்பந்து முறை பதில் தராது. "எப்படி, ஏன்" என்றால் தரும். காலையில் ஒரே முக்கில் கூடும் கட்டட வேலைக்காரர்களுக்கு இது தேவையே இல்லை; நேரத்தையும் இடத்தையும் பிரித்து அங்கேயே மாதிரி எடுக்கலாம். முதலாளி வீட்டிலேயே தங்கி, சக பணியாளர் யாரையும் அறியாத வெளிமாநிலப் பெண்ணிடம் எந்தச் சங்கிலியும் போய்ச் சேராது. அவர்கள் விடுபட்டதை அறிக்கையின் முறையியல் பகுதியிலேயே எழுதிவிடுங்கள்.